அடைப்புக்குறியும் a-b சமமும்: இலக்கணம் எழுதும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

செமஸ்டர் நெருங்கும்போதெல்லாம் சூழல் சாரா இலக்கணம், அதாவது சிஎஃப்ஜி, பற்றி ஜூனியர்களிடமிருந்து இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலித்ததால் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. மேலிருந்து படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் ஓடுகின்றன.

அண்ணா, சிஎஃப்ஜின்னா என்னன்னு ஒரே ஒரு உதாரணத்தோட சொல்லுங்களேன்?

சூழல் சாரா இலக்கணம் என்பது சரங்களை உண்டாக்கும் விதிகளின் ஒரு சின்னப் பட்டியல், அவ்வளவுதான். `S → (S)S | ε` என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். S என்பது மாறி, அதை இன்னும் விரிக்க வேண்டும். `(` மற்றும் `)` இரண்டும் இறுதிக் குறிகள், அவை வந்தால் வந்ததுதான், மாறாது. `|` என்றால் "அல்லது". `ε` என்றால் ஒன்றுமே இல்லாத வெற்றுச் சரம். S-இல் தொடங்கி, மாறி எதுவும் மிச்சமில்லாத வரை விரித்துக்கொண்டே போனால் கிடைக்கும் சரங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இலக்கணத்தின் மொழி. இந்த உதாரணத்தின் மொழி, திறந்த ஒவ்வொரு குறியும் சரியாக மூடப்பட்ட சமமான அடைப்புக்குறிச் சரங்கள்.

"சூழல் சாரா" என்ற பெயர் எதற்கென்றால், S-க்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது, வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், எங்கே S இருந்தாலும் எந்த விதியையும் போடலாம். விதியின் இடப்பக்கத்தில் ஒரே ஒரு மாறி மட்டும் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் அர்த்தமே அதுதான்.

அடைப்புக்குறிக்கு S → (S) | ε போதாதா? எதுக்கு கடைசியில இன்னொரு S?

போதாது. அந்த இரண்டு விதியை வைத்து `()`, `(())`, `((()))` என்று ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் போக முடியும், பாத்திரக்கடையில் ஒன்றுக்குள் ஒன்று வைத்த டப்பா மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் வைக்க வழியே இல்லை. `()()` சமமான சரம்தானே, அதை இந்த இலக்கணத்தால் கொண்டுவர முடியுமா என்று போட்டுப் பாருங்கள். முதல் படியிலேயே முதல் `(` கடைசி `)`-உடன் ஜோடி சேர்ந்துவிடும், உள்ளே `)(` மிஞ்சும், அதோடு முட்டுச்சந்து.

`(S)S`-இல் முதல் S ஜோடிக்கு உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொள்கிறது, இரண்டாவது S அந்த ஜோடி மூடிய பிறகு வருவதைப் பார்த்துக்கொள்கிறது. சரத்தின் முதல் `(`-க்கு எப்படியும் ஒரு துணை `)` உண்டு. உள்ளே ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இடம் கொடுத்துவிட்டால் எந்தச் சமமான சரமும் அதற்குள் அடங்கிவிடும்.

நோட்ஸ்ல S → SS | (S) | ε-ன்னு இருக்கு, நீங்க வேற எழுதுறீங்க. எது சரி?

இரண்டும் அதே மொழியைத்தான் தருகின்றன, ஆகவே "இலக்கணம் எழுதுக" என்று மட்டும் கேட்டால் எதை எழுதினாலும் சரி. வித்தியாசம், ஒரு சரம் S-இலிருந்து எந்தெந்த விதியால் விரிந்தது என்று காட்டும் மரம் போடும்போதுதான் தெரியும். `SS` விதியும் `ε` விதியும் சேர்ந்தால் ஒரு கூத்து நடக்கும்: `S ⇒ SS ⇒ S`, அதாவது இரண்டாக்கி ஒன்றை அழித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். அதனால் வெறும் `()`-க்கே எண்ணிலடங்காத மரங்கள். `S → (S)S | ε`-இல் எந்தச் சரத்துக்கும் ஒரே ஒரு மரம்தான், ஏனென்றால் முதல் `(`-இன் துணை எது என்பதில் தேர்வே கிடையாது. எனக்கு `SS` பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

( எத்தனையோ ) அத்தனை இருந்தா போதும்ல? அதுதானே சமம்?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. `)(`-இல் இரண்டும் ஒவ்வொன்று, எண்ணிக்கை சமம். ஆனால் அது சமமான அடைப்புக்குறி இல்லை.

ஒரு வீட்டின் தரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். `(` வந்தால் ஒரு படி ஏறுங்கள், `)` வந்தால் ஒரு படி இறங்குங்கள். கடைசியில் தரையில் நிற்க வேண்டும் என்பது எண்ணிக்கை சமம் என்ற நிபந்தனை. வழியில் எங்கேயும் தரைக்குக் கீழே போகக்கூடாது என்பது அடைப்புக்குறிக்கு மட்டும் உள்ள கூடுதல் நிபந்தனை. அடைப்புக்குறிக்கு மொட்டைமாடிப் படி மட்டும்தான் உண்டு. a-வும் b-யும் எந்த வரிசையிலும் சம எண்ணிக்கையில் வரும் கணக்கில் a வந்தால் ஏற்றம், b வந்தால் இறக்கம், அதற்கு மாடிப்படியும் உண்டு, கிணற்றுப் படியும் உண்டு. `ba` என்றால் கிணற்றில் ஒரு படி இறங்கி ஏறுவது, அது அங்கே செல்லும்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்றால், நாலு a நாலு b வைத்து 70 சரங்கள் எழுதலாம், அதில் தரைக்குக் கீழே போகாதவை 14 மட்டும். சமமான அடைப்புக்குறிச் சரங்களின் மொழிக்கு வால்தர் ஃபான் டிக் என்ற ஜெர்மானியக் கணிதரின் பெயரால் டிக் மொழி என்று பெயர். கேள்வித்தாளில் அப்படிப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், இதேதான்.

சரி, a-வும் b-யும் சமமா வர்றதுக்கு எப்படி யோசிச்சு எழுதுறது? எனக்கு விடையைப் பார்த்தா புரியுது, தானா வரமாட்டேங்குது.

விதியை யோசிக்காதீர்கள், சரத்தை வெட்டுவதை யோசியுங்கள். கையில் ஒரு சமச் சரம் இருக்கிறது, அதன் முதல் எழுத்து a என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன படிக்கணக்கில் நீங்கள் இப்போது முதல் படியில் நிற்கிறீர்கள். கடைசியில் தரைக்கு வந்தாக வேண்டும், ஒரு அடிக்கு ஒரு படிதான் மாறும், ஆகவே முதன்முறையாகத் தரையைத் தொடும் ஒரு கணம் கண்டிப்பாக உண்டு. அந்தக் கணத்தில் வந்த எழுத்து b-ஆகத்தான் இருக்க வேண்டும், மேலிருந்துதானே இறங்கினோம். அந்த b-தான் முதல் a-வின் துணை.

இப்போது சரம் நாலு துண்டாகிவிட்டது: a, நடுத்துண்டு, b, மிச்சம். நடுத்துண்டு முதல் படியில் தொடங்கி முதல் படியிலேயே முடிகிறது, எனவே அதற்குள் a-வும் b-யும் சமம். மிச்சம் தரையில் தொடங்கித் தரையில் முடிகிறது, அதுவும் சமம். சமச் சரத்துக்கு S என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றால் இதுவே `aSbS`. முதல் எழுத்து b என்றால் அதே கதை கிணற்றுக்குள், `bSaS`. சரமே இல்லையென்றால் `ε`. ஆக:

```
S → aSbS | bSaS | ε
```

விடை தானாக வராததற்குக் காரணம், பெரும்பாலோர் "எந்த விதி எந்தச் சரத்தைத் தரும்" என்று முன்னோக்கி யோசிப்பதுதான். எல்லாச் சரத்தையும் வெட்ட ஒரு முறை கிடைத்துவிட்டால் விதி அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

நான் S → aSb | bSa | ε எழுதினேன். ab, ba, aabb, abab எல்லாம் வருது. ஏன் தப்பு?

`abba` போட்டுப் பார்த்தீர்களா? இந்த விதிகள் ஒரு எழுத்தை முன்னாலும் எதிர் எழுத்தைப் பின்னாலும் ஒட்டுகின்றன. அதனால் உண்டாகும் எந்தச் சரத்திலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வேறு வேறாகத்தான் இருக்கும். `abba` a-வில் தொடங்கி a-வில் முடிகிறது, இந்த இலக்கணத்தால் அதைத் தொடவே முடியாது. `baab`-உம் அப்படித்தான். நாலெழுத்துச் சமச் சரங்கள் மொத்தம் ஆறு (`aabb`, `abab`, `abba`, `baab`, `baba`, `bbaa`), அதில் இரண்டு போய்விட்டன.

முதல் கேள்விகளில் டப்பாவுக்குள் டப்பா என்று சொன்ன அதே நோய்தான் இது. உள்ளே வைக்கத் தெரியும், பக்கத்தில் வைக்கத் தெரியாது. `SS`-ஐச் சேர்த்தாலே சரியாகிவிடும்: `S → aSb | bSa | SS | ε`. மரங்கள் பெருகும், ஆனால் மொழி சரி.

S → aSb | bSa | abS | baS | Sab | Sba | ε எழுதி ஆறெழுத்து வரைக்கும் எல்லாத்தையும் சோதிச்சேன், எல்லாம் வந்துச்சு. அப்புறமும் மார்க் போச்சு!

உங்கள் வலி எனக்குத் தெரியும், நானும் இதே இலக்கணத்தை எழுதி மார்க் விட்டவன். திருத்தியவர் ஓரத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஒரு பெருக்கல் குறி மட்டும். ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது.

இந்த இலக்கணம் எதில் தோற்கும் என்று கேளுங்கள். முதலும் கடைசியும் வேறு எழுத்தாக இருந்தால் முதல் இரண்டு விதி பார்த்துக்கொள்ளும். ஆகவே தோற்கும் சரம் ஒரே எழுத்தில் தொடங்கி முடிய வேண்டும், a என்று வைப்போம். `ab` என்று தொடங்கினால் `abS` பிடித்துவிடும், ஆகவே `aa` என்று தொடங்க வேண்டும். `ba` என்று முடிந்தால் `Sba` பிடித்துவிடும், ஆகவே `aa` என்று முடிய வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு a ஆகிவிட்டது, அப்படியானால் b-யும் குறைந்தது நாலு வேண்டும், சரத்தின் நீளம் குறைந்தது எட்டு. அந்தச் சரம் `aabbbbaa`. எழுத்தை மாற்றிப் போட்டால் `bbaaaabb`. எட்டெழுத்துச் சமச் சரங்கள் 70-இல் இந்த இரண்டு மட்டும்தான் தவறிப்போகின்றன, அதைவிடச் சின்னதில் ஒன்றுகூடத் தவறாது. ஆறோடு நிறுத்தியவருக்கு எப்படித் தெரியும்?

எத்தனை எழுத்து வரை சோதித்தாலும் சோதனை தப்பைக் காட்டும், சரி என்று நிரூபிக்காது. அதற்கு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

எல்லா சமச் சரமும் வரும்னு நிரூபிக்கச் சொன்னா என்ன எழுதணும்?

இரண்டு பக்கம் எழுத வேண்டும், பலர் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் பக்கம்: நம்முடைய `S → aSbS | bSaS | ε` இலக்கணத்திலிருந்து வரும் எந்தச் சரமும் சமம். இது ஒரு வரி. ஒவ்வொரு விதியும் ஒரு a-வையும் ஒரு b-யையும் சேர்த்தே கொண்டுவருகிறது, அல்லது இரண்டையுமே கொண்டுவருவதில்லை, எனவே எந்தப் படியிலும் கணக்கு பிசகாது.

இரண்டாம் பக்கம்: எந்தச் சமச் சரமும் இலக்கணத்திலிருந்து வரும். இதற்கு நீளத்தின் மேல் தொகுத்தறிதல், அதாவது இண்டக்‌ஷன். நீளம் 0 என்றால் `ε` விதி. அதைவிட நீளமானது என்றால், சரத்தை வெட்டிய அந்த வாதத்தை அப்படியே எழுதுங்கள்: முதல் எழுத்து a எனில், தரையை முதலில் தொடும் b-யில் வெட்டினால் நடுத்துண்டும் மிச்சமும் சமச் சரங்கள், இரண்டுமே முழுச் சரத்தைவிடச் சின்னவை, ஆகவே தொகுத்தறிதலின்படி அவை S-இலிருந்து வரும், அவற்றை `aSbS`-இல் பொருத்தினால் முடிந்தது. முதல் எழுத்து b என்றால் அதேபோல `bSaS`. "அதைவிடச் சின்னவை" என்பதை எழுத மறந்துவிடாதீர்கள், நிரூபணம் நிற்பதே அந்தச் சொல்லின் மேல்தான்.

aabbba-வுக்கு டெரிவேஷன் ட்ரீ ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க ப்ளீஸ்.

முதலில் படிக்கணக்குப் போடுங்கள், மரம் அப்புறம் தானாக வரும். ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் நிற்கும் உயரம்: 1, 2, 1, 0, −1, 0. நாலாவது எழுத்தில் தரையைத் தொடுகிறோம். ஆகவே முதல் a-வின் துணை நாலாவது எழுத்தான b. நடுத்துண்டு `ab`, மிச்சம் `ba`. வேரில் `aSbS`, முதல் S-இன் கீழே `ab`, இரண்டாவது S-இன் கீழே `ba`.

```
S
├─ a
├─ S
│  ├─ a
│  ├─ S ── ε
│  ├─ b
│  └─ S ── ε
├─ b
└─ S
   ├─ b
   ├─ S ── ε
   ├─ a
   └─ S ── ε
```

இலைகளை மேலிருந்து கீழாகப் படியுங்கள், தாளில் குறுக்காகப் போட்டிருந்தால் இடமிருந்து வலமாக: a, a, ε, b, ε, b, b, ε, a, ε. எப்சிலானை விட்டுவிட்டால் `aabbba`. இப்படிப் படித்துச் சரிபார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. `aSbS` அல்லது `bSaS`-ஐ ஒரு முறை போட்டால் ஒரு S போய் இரண்டு S வருகிறது. மூன்று ஜோடி என்றால் மூன்று முறை போட்டிருப்போம், எனவே கடைசியில் எப்சிலானாக வேண்டிய S நாலு இருக்கும். மரத்தில் எண்ணிப் பாருங்கள், நாலு எப்சிலான், மொத்தம் ஏழு S. மூன்று எப்சிலானோடு உங்கள் மரம் முடிந்திருந்தால் எங்கோ ஒரு S தொங்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது வலக்கோடியில் இருக்கும் S, அதை எழுதவே மறந்துவிடுவார்கள்.

லெஃப்ட்மோஸ்ட், ரைட்மோஸ்ட்னு ரெண்டு போடச் சொல்றாங்க. ரெண்டுக்கும் ட்ரீ வேற வேறயா வருமா?

வராது, மேலே போட்ட அதே மரம்தான். மரத்தில் எந்த S-ஐ எந்த விதியால் விரித்தோம் என்று இருக்கும், எதை முதலில் விரித்தோம் என்று இருக்காது. வரிசையைச் சொல்வதுதான் லெஃப்ட்மோஸ்ட், ரைட்மோஸ்ட். முதலாவதில் எப்போதும் இடக்கோடி S-ஐ விரிக்கிறோம்:

```
S ⇒ aSbS ⇒ aaSbSbS ⇒ aabSbS ⇒ aabbS
  ⇒ aabbbSaS ⇒ aabbbaS ⇒ aabbba
```

இரண்டாவதில் எப்போதும் வலக்கோடி S:

```
S ⇒ aSbS ⇒ aSbbSaS ⇒ aSbbSa ⇒ aSbba
  ⇒ aaSbSbba ⇒ aaSbbba ⇒ aabbba
```

இரண்டுமே ஏழு படி, மரத்தில் ஏழு S இருந்ததால். வழியில் வரும் வரிகள்தான் வேறு.

இந்த S → aSbS | bSaS | ε ஆம்பிகுவஸா? அடைப்புக்குறிக்கு ஒரே மரம்னீங்களே, இதுவும் அதே மாதிரிதானே இருக்கு.

பார்க்க அதே மாதிரி இருப்பதுதான் பொறி. இது ஆம்பிகுவஸ், அதாவது ஏதோ ஒரு சரத்துக்காவது இரண்டு மரம் உண்டு. `abab`-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் a-வுக்கு இரண்டாவது எழுத்து b-யைத் துணையாக்கினால் நடுத்துண்டு வெறுமை, மிச்சம் `ab`. கடைசி b-யைத் துணையாக்கினால் நடுத்துண்டு `ba`, மிச்சம் வெறுமை. இரண்டும் விதிப்படி சரி.

தரையை முதன்முறை தொடும் b-யில் வெட்டலாம் என்றுதான் நாம் யோசித்தோம், ஆனால் விதி அந்த "முதன்முறை"யைக் கட்டாயப்படுத்தவில்லை. மேலிருந்து தரைக்கு இறங்கும் எந்த b-யையும் அது ஏற்றுக்கொள்ளும். `abab` மேலிருந்து இரண்டு முறை தரைக்கு வருகிறது, இரண்டு தேர்வு. `aabbba` ஒரு முறைதான் மேலிருந்து இறங்குகிறது, அடுத்த முறை தரைக்கு வருவது கிணற்றிலிருந்து ஏறி. அதனால்தான் அதற்கு ஒரே மரம். அடைப்புக்குறியில் நடுத்துண்டு முதல் படிக்குக் கீழே போக வழியில்லை என்பதால் இந்தச் சிக்கலே எழாது.

மரங்களை எண்ண ஒரு குட்டிப் பைத்தான் செயற்கூறு:

```python
def T(w):
    if w == "":
        return 1
    return sum(T(w[1:i]) * T(w[i+1:])
               for i in range(1, len(w))
               if w[i] != w[0])
```

`T("abab")` 2 தரும், `T("aabbba")` 1 தரும். சமமில்லாத சரத்துக்கு 0. உங்கள் கையால் போட்ட மரம் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தால் இதில் போட்டுப் பாருங்கள். நீளமான சரத்தைக் கொடுத்தால் மெதுவாகும், பத்துப் பன்னிரண்டு எழுத்தோடு நிறுத்துங்கள்.

அப்போ ஆம்பிகுவஸ் இல்லாம எழுதவே முடியாதா?

முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. தேவை என்ன? a-வுக்கும் அதன் துணைக்கும் நடுவில் இருக்கும் துண்டு முதல் படிக்குக் கீழே போகக்கூடாது. அதாவது நடுத்துண்டு, a-வைத் திறப்பாகவும் b-யை மூடலாகவும் எண்ணினால், சமமான அடைப்புக்குறி! அதற்கு இலக்கணம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. கிணற்றுப் பக்கத்துக்கு அதையே தலைகீழாக்கினால் போதும்.

```
S → aPbS | bQaS | ε
P → aPbP | ε
Q → bQaQ | ε
```

P மாடியில் மட்டும் உலாவும், Q கிணற்றில் மட்டும் உலாவும், S தரையில் நின்று அடுத்தது மாடியா கிணறா என்று முடிவு செய்யும். `abab`-இல் கடைசி b-யைத் துணையாக்கப் பார்த்தால் நடுவில் `ba` வரும், அதை P-யால் தர முடியாது, எனவே இரண்டாவது மரம் செத்தது. ஒவ்வொரு சரத்துக்கும் வெட்டும் இடம் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். ஆக, அடைப்புக்குறிக் கணக்கும் சம எண்ணிக்கைக் கணக்கும் பாடத்தில் அடுத்தடுத்து வருகிற இரண்டு தனிக் கணக்குகள் இல்லை. இரண்டாவது, முதலாவதின் நேர்ப்படியையும் தலைகீழ்ப்படியையும் வரிசையாகக் கோத்தது.

( ) கூட [ ]-உம் வந்தா? ரெண்டையும் தனித்தனியா எண்ணினா போதாதா?

`([)]`-ஐத் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். `(` ஒன்று `)` ஒன்று, `[` ஒன்று `]` ஒன்று, எதுவும் தரைக்குக் கீழே போகவில்லை. ஆனாலும் அது தப்பு, பின்னால் திறந்ததை முன்னால் மூடவில்லை. எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பதோடு ஒவ்வொரு படியையும் எந்த வகைக் குறியால் ஏறினோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும், அதனால்தான் நிரல் எழுதும்போது ஒரு எண்ணி போதாமல் ஸ்டாக் தேவைப்படுகிறது.

இலக்கணத்தில் இதற்குப் பெரிய வேலை இல்லை: `S → (S)S | [S]S | ε`. திறப்பும் அதன் மூடலும் ஒரே விதியில் சேர்ந்து வருவதால் குறுக்கே வெட்டிக்கொள்ள வாய்ப்பே கிடையாது.

b எண்ணிக்கை a-வைப் போல ரெண்டு மடங்கு வரணும்னா?

படிக்கணக்கை மாற்றுங்கள்: a வந்தால் இரண்டு படி ஏறுங்கள், b வந்தால் ஒரு படி இறங்குங்கள். ஏறும்போது இரண்டிரண்டாகத் தாவுவதால், கிணற்றில் −1-இல் நின்றபடி a வந்தால் தரையைத் தொடாமலே +1-க்குப் போய்விடுவோம். முன்பு இல்லாத வகை இது, இதை விட்டுவிட்டுத்தான் பலர் தோற்கிறார்கள்.

தரையிலிருந்து கிளம்பி மீண்டும் தரையைத் தொடும் வரையிலான பயணம் மூன்று விதம்தான். a-வில் தொடங்கினால் 2-இலிருந்து 1, அப்புறம் 0 என்று இரண்டு b-யால் இறங்க வேண்டும்: `aSbSb`. b-யில் தொடங்கிக் கிணற்றிலேயே இருந்துவிட்டு −2-இலிருந்து தரைக்கு வந்தால் `bSbSa`. b-யில் தொடங்கி, −1-இலிருந்து தரையைத் தாவி +1-க்குப் போய், அங்கிருந்து இறங்கினால் `bSaSb`. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மிச்சத்துக்கு ஒரு S:

```
S → aSbSbS | bSbSaS | bSaSbS | ε
```

நடுவில் வரும் ஒவ்வொரு S-உம் புறப்பட்ட உயரத்திலேயே முடிகிற துண்டு, அதனால் அதுவும் அதே மொழிதான். மூன்றாவது விதியை விட்டால் `bab` காணாமல் போகும், மூன்றே எழுத்தில் பிடிபட்டுவிடுவதால் இது `aabbbbaa` அளவுக்குத் தந்திரமானது இல்லை.

இதே மாதிரி a, b, c மூணும் சமமா வர எழுத முடியுமா? ரெண்டு நாளா முயற்சி பண்றேன்.

நிறுத்துங்கள், முடியாது. அந்த மொழிக்குச் சூழல் சாரா இலக்கணமே கிடையாது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், a எல்லாம் முதலில், b எல்லாம் அடுத்து, c எல்லாம் கடைசியில் என்று இருக்கும் சரங்களை மட்டும் அதிலிருந்து வடிகட்டலாம். அந்த வடிகட்டி ஒரு ரெகுலர் மொழி, சூழல் சாரா மொழியை ரெகுலர் மொழியோடு வெட்டினால் சூழல் சாரா மொழிதான் கிடைக்கும். ஆனால் கிடைப்பது `aⁿbⁿcⁿ`, அது சூழல் சாரா மொழி இல்லை என்று பம்பிங் லெம்மா வைத்து நிரூபிக்கும் கணக்கு உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

`S → aSbScS | aScSbS | ...` என்று ஆறு வரிசையையும் எழுதிவிட்டால் வராதா என்று அடுத்து கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்து வருவதெல்லாம் மூன்றும் சமமான சரம்தான், அந்தப் பக்கம் சரி. ஆனால் எல்லாச் சமச் சரமும் வராது, வந்தால் மேலே சொன்னதோடு முரண்படும். படிக்கணக்கில் ஒரே ஒரு உயரம் இருந்தது. தரையைக் கடக்காமல் மேலிருந்து கீழே போக முடியாது, அதனால் வெட்டும் இடம் நிச்சயமாகக் கிடைத்தது. இங்கே a-வுக்கும் b-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்று, b-க்கும் c-க்கும் உள்ள வித்தியாசம் இன்னொன்று என்று இரண்டு கணக்கு ஒரே நேரத்தில் ஓடுகிறது, அது மைதானத்தில் சுற்றுவது மாதிரி, புறப்பட்ட புள்ளியைத் தொடாமலே எந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.